24 ரூபாய் ரியாலுக்கு 25.50 ஏன்: உம்ரா பயணிகளுக்குப் பொருளாளரின் கடிதம்

"காக்கா, கூகுளில் ரியால் 24 ரூபாய்தான் காட்டுது. நோட்டீஸில் 25.50 போட்டிருக்கீங்க. ஆளுக்கு 1,700 ரியால்னா 2,550 ரூபாய் கூட வருது, 40 பேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல. இந்தக் காசு எதுக்கு? மிச்சமானா யாருக்குப் போகும்? உம்மா ஓலைப்பெட்டி முடைந்து சேர்த்த காசு, அதனாலதான் கேட்கிறேன்."

தம்பிக்கும், நவம்பரில் உம்ராவுக்குப் பெயர் கொடுத்திருக்கிற மற்ற 39 பேருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

கேட்டது சரிதான். இதை நோட்டீஸிலேயே நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும். ஒரே எண்ணாகப் போட்டதால் ஜமாஅத் நடுவில் ஏதோ எடுத்துக்கொள்கிற மாதிரி தெரிகிறது. உங்கள் 2,550 ரூபாய் கணக்கில் தப்பில்லை, ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ரியாலுக்கு 40 காசு என்பது உண்மையான செலவு, அது திரும்பாது. மீதி 1 ரூபாய் 10 காசுதான் ரேட் ஏறினால் தாங்குவதற்கு வைக்கிற கையிருப்பு, ஏறாவிட்டால் அது உங்கள் உம்மாவின் கைக்கே திரும்பி வரும்.

முதலில் அந்த 40 காசு. கூகுளில் தெரிகிற 24 ரூபாய், பெரிய வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் மாற்றிக்கொள்கிற விலையின் நடுப்புள்ளி. அந்த விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் ரியால் தரமாட்டார்கள். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நாணயம் மாற்றும் கடையில் போய் நின்றால் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு இருக்கும், நமக்குப் பொருந்துவது விற்கும் விலை. 24 நடுவிலை இருந்த அன்று நான் விசாரித்ததில் விற்கும் விலை 24.35 சொன்னார்கள். அதன்மேல் ஜிஎஸ்டி இருக்கிறது. நாணயம் மாற்றுவதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மொத்தத் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள், குறைந்தபட்சம் 45 ரூபாய். இது ரியாலுக்கு நாலைந்து காசு வரும். அதனால் 24.40 என்று எடுத்தேன். ஏஜென்ட் வழியாக ஹோட்டலுக்கு வங்கியில் அனுப்பினாலும் ஏறக்குறைய இதே அளவு வங்கி எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு 680 ரூபாய். இதில் நாம் பேரம் பேசிக் கொஞ்சம் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

அப்புறம் அந்த 1.10. இதற்கு ரியால் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். ரியால் தன்னால் நகர்வதே இல்லை. 1986-லிருந்து ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவுதி கட்டி வைத்திருக்கிறது. ஆக நமக்கு ரியால் ஏறுகிறது என்றால் டாலருக்கு எதிரே ரூபாய் இறங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். டாலர் 90 என்றால் ரியால் 24, டாலர் 93 என்றால் 24.80. செய்தியில் டாலர் என்ன சொல்கிறார்களோ அதை 3.75-ஆல் வகுத்துப் பாருங்கள், ரியால் வந்துவிடும். நம் குழுவுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன்: டாலர் ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு ஆளுக்கு 453 ரூபாய் கூடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் தினமும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்த ரேட் எல்லோருக்கும் பழக்கம்தான். துபாயிலிருந்து மகன் அனுப்புகிற பணத்துக்காகத் திர்ஹம் ரேட்டை டீக்கடையில்கூடக் கேட்பார்கள், திர்ஹமும் டாலரோடு கட்டப்பட்டதுதான். திர்ஹம் ஏறின அன்று கீழக்கரையில் பாதி வீட்டில் சந்தோஷம். அதே ஏற்றம் நம் பயணக் கணக்கில் பள்ளம் தோண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் தோண்டாது. மகன் ஜித்தாவில் சம்பாதிக்கிற வீட்டுக்கு ரியால் ஏறினால் வருகிற பணமும் சேர்ந்து ஏறும், அவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். கடல் வேலையில், ஓலை வேலையில், பெட்டிக்கடையில் ரூபாயாகவே சம்பாதித்து ரூபாயாகவே சேர்த்தவருக்கு ஏற்றம் அப்படியே தலையில் இறங்கும். நம் 40 பேரில் அப்படிப்பட்டவர் 23 பேர். இந்தக் கையிருப்பை நான் பிடிவாதமாகக் கேட்பது அவர்களுக்காகத்தான், தம்பி, உங்கள் உம்மாவும் அதில் ஒருவர்.

போன முறை கையிருப்பு வைக்காமல் போனோம். 2024 செப்டம்பரில் கணக்குப் போட்டபோது டாலர் 84-ஐ ஒட்டி இருந்தது, ரியால் 22.40. நடுவில் யாரும் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில் கிளம்பும்போது டாலர் 87, ரியால் 23.20. ரியாலுக்கு 80 காசுதானே என்று தோன்றும். ஆளுக்கு 1,600 ரியால் செலவு, ஆக 1,280 ரூபாய் குறைவு, 36 பேருக்கு 46,080 ரூபாய். அதை நாங்கள் இங்கே கவனிக்கவே இல்லை, மதீனாவில் கடைசி நாட்களில் சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கப் பணம் போதாமல் போனபோதுதான் தெரிந்தது. ஹோட்டல் கீழ்த்தளத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கு 55 ரியால் கேட்டோம். சிலர் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா துப்பட்டி முனையில் போட்டிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மடித்து மடித்து நெல்லிக்காய் அளவுக்கு இருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார், பேரப்பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழமும் தஸ்பீஹும் வாங்க வைத்திருந்த காசு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குக் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான். இந்தத் தடவை அப்படி ஒருவரிடமும் அங்கே வைத்துக் கேட்கமாட்டேன்.

சரி, எந்தத் தொகைக்குக் கையிருப்பு, எதற்கு இல்லை என்று பார்ப்போம். ஆளுக்கு மொத்தம் 1,06,350 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். அதில் 63,000 ரூபாய் இங்கேயே ரூபாயில் முடிகிறது: விமான டிக்கெட் 46,000, விசாவும் இன்ஷூரன்ஸும் 14,000, சென்னைக்கு வேன், பை, அடையாள அட்டை எல்லாம் 3,000. இதன்மேல் ரேட் கையிருப்பு ஒரு காசுகூட இல்லை. டிக்கெட் விலை ஏறினால் அது வேறு காரணத்தால் ஏறுவது, அதை இதோடு கலந்தால் பிறகு எது எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் டிக்கெட்டை முதலில் போட்டு அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறேன்.

மீதி 1,700 ரியால்தான் ரியாலில் போகிற செலவு. மக்காவில் ஒன்பது இரவு, நால்வர் அறை, ஆளுக்கு இரவுக்கு 70 ரியால், ஆக 630. மதீனாவில் ஐந்து இரவு 60 வீதம் 300. சாப்பாடு பதினான்கு நாளுக்கு 35 வீதம் 490. ஜித்தாவிலிருந்து மக்கா, அங்கிருந்து மதீனா, ஜியாரத் எல்லாம் சேர்த்துப் பேருந்து ஆளுக்கு 230. சில்லறைச் செலவுக்கு 50. இந்த விலைகள் எல்லாம் சவுதியின் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்தவை. அதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறேன், ஏனென்றால் "வாட் தனி" என்று கடைசியில் ஒரு வரி வந்தால் ரேட் ஏற்றத்தைவிடப் பெரிய அடி அது.

1,700 ரியாலை 24.40-ல் பெருக்கினால் 41,480. 25.50-ல் பெருக்கினால் 43,350. வித்தியாசம் 1,870 ரூபாய், இதுதான் உங்கள் உம்மாவின் பெயரில் இருக்கிற கையிருப்பு. நாற்பது பேருக்கு 74,800.

ஏன் 1.10, ஏன் 50 காசு இல்லை, ஏன் 3 ரூபாய் இல்லை? கிளம்ப இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஐந்து மாதத்தில் ரூபாய் எவ்வளவு இறங்கக்கூடும் என்று பழையதைத்தான் பார்க்க முடியும். 2023 முழுக்க டாலர் 81-க்கும் 83-க்கும் கொஞ்சம் மேலேயுமாக ஒரே இடத்தில் உலாவியது, அந்த மாதிரி ஆண்டில் கையிருப்பே தேவைப்படாது. 2022-ல் ஜனவரியில் 74-75 இருந்தது அக்டோபரில் 83 தொட்டது, ஒன்பது பத்து மாதத்தில் சுமார் 11 சதவீதம். 2025 மே தொடக்கத்தில் 84-85 இருந்தது டிசம்பரில் 90-ஐத் தாண்டியது, ஏழு மாதத்தில் ஆறேழு சதவீதம். இவற்றை ஐந்து மாதத்துக்குச் சுருக்கினால் நாலிலிருந்து ஆறு சதவீதத்துக்குள் வருகிறது. நான் நாலரை வைத்திருக்கிறேன், டாலர் 90-லிருந்து 94 போகும்வரை தாங்கும்.

2013 மாதிரி வந்தால்? அந்த ஆண்டு மே தொடக்கத்தில் 55-க்குள் இருந்த டாலர் ஆகஸ்ட் 28-ல் 68-ஐத் தாண்டியது, நாலு மாதத்தில் கால் பங்கு. அதற்கும் சேர்த்துக் கையிருப்பு வைப்பதென்றால் ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கேட்க வேண்டும், அதைக் கேட்டால் பத்துப் பேராவது பெயரை எடுத்துவிடுவார்கள். எப்போதோ வருகிற புயலுக்காக இன்றைக்கே ஏழையின் பெயரை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது: பணத்தை ஒரே நாளில் மாற்றாமல் மூன்று தவணையாக மாற்றுவது.

ஜூலை நடுவில் ஹோட்டல் முன்பணம், ஆளுக்கு 500 ரியால். அக்டோபர் முதல் வாரம் ஹோட்டல் பாக்கியும் பேருந்தும், 660 ரியால். கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் சாப்பாடும் சில்லறையும், 540 ரியால். ஒவ்வொரு தவணை கட்டி முடித்ததும் அந்தப் பங்குக்கு ரேட் பயம் போய்விடும். ஜூலைக்குப் பிறகு 1,200 ரியாலுக்குத்தான் பயம், அக்டோபருக்குப் பிறகு 540-க்கு மட்டும். தவணைத் தேதிகளை மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகு வைத்ததும் வேண்டுமென்றேதான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும்போது கடல் வேலைக்காரர்களிடம் பணம் கேட்பது முடியாத காரியம்.

இதை ஒரு மோசமான கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஜூலையில் டாலர் 90.60 என்று வையுங்கள். ரியால் 24.16, நம் 40 காசு சேர்த்து 24.56. 500 ரியாலுக்கு 12,280 ரூபாய் ஆகும். நாம் வைத்திருந்தது 12,750, ஆக 470 மிச்சம். அக்டோபரில் டாலர் 93 ஆகிவிட்டது, ரியால் 24.80, நமக்கு 25.20. 660 ரியாலுக்கு 16,632, வைத்திருந்தது 16,830, மிச்சம் 198. நவம்பரில் 96 ஆகிவிட்டது, நான் தாங்கும் என்று சொன்ன 94-ஐயும் தாண்டி. ரியால் 25.60, நமக்கு 26. 540 ரியாலுக்கு 14,040, வைத்திருந்தது 13,770. இங்கே 270 குறைகிறது. ஆனால் முன்னால் மிச்சம் பிடித்த 668 இருக்கிறதே. அதில் 270 போக 398 ரூபாய் இன்னும் கையில் இருக்கும். டாலர் ஆறு ரூபாய் ஏறிய பிறகும் யாரிடமும் கூடுதலாகக் கேட்கவில்லை, திருப்பியும் கொடுக்கிறோம். இதே 1,700 ரியாலையும் கடைசி வாரத்தில் மொத்தமாக 26-க்கு மாற்றியிருந்தால் 44,200 ஆகியிருக்கும், ஆளுக்கு 850 குறைவு, 40 பேருக்கு 34,000.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தவணையாக மாற்றினால் எப்போதும் லாபம் என்று இல்லை. டாலர் இறங்கினால் ஜூலையில் மாற்றிய 500 ரியால் கொஞ்சம் விலை கூடவாகத்தான் இருக்கும். அப்போது "காத்திருந்திருக்கலாமே" என்று யாராவது சொல்வீர்கள், சொல்லுங்கள், ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவரிடம் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி பலர் தனியாகக் கேட்டவை. இப்போதே எல்லா ரியாலையும் வாங்கி ஜமாஅத் பீரோவில் வைத்துவிடலாமே என்று மூன்று பேர் கேட்டார்கள். முடியாது. வெளிநாட்டு நாணயம் அவரவர் பாஸ்போர்ட், பான் கார்டு காட்டி அவரவர் பெயரில்தான் வாங்க வேண்டும், ஜமாஅத் பெயரில் நாற்பது பேருக்கும் நான் வாங்கி வைக்க இடமில்லை. பயணத்துக்கு வாங்கிய நாணயத்தை 60 நாளுக்குள் அதற்குப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் போக, திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் பலகையின் மறுபக்க விலைக்குத்தான் எடுப்பார். 24.35-க்கு வாங்கியதை 23.50-க்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் பயணம் நின்றுபோனால் ஒரு காரணமும் இல்லாமல் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். கையிருப்பை ரூபாயாக வைப்பதற்கு இதுதான் காரணம், ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு காசு குறையாது.

வங்கியில் முன்கூட்டியே ரேட்டைப் பேசி முடித்து வைக்கிற ஒப்பந்தம் இருக்கிறதே என்று படித்த பிள்ளைகள் இருவர் சொன்னார்கள். இருக்கிறது, வியாபாரிகள் செய்கிறார்கள். ஆனால் நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை, உட்கார்ந்த இடத்திலேயே முடிய வேண்டும் என்பது மார்க்கத்தில் உள்ள சட்டம், இன்றைக்கு விலை பேசி ஐந்து மாதம் கழித்துக் கொடுத்து வாங்குவது அதற்குள் வராது என்று நம் ஹஜ்ரத்திடம் கேட்டபோது சொன்னார்கள். உம்ராவுக்குப் போகிற பணத்தில் அந்தச் சந்தேகம் வேண்டாம். அதே காரணத்துக்காகக் கையிருப்புத் தொகையை வட்டி வருகிற டெபாசிட்டிலும் போடவில்லை, நடப்புக் கணக்கில் கிடக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். "என் மகன் ஜித்தாவில் இருக்கிறான், நாற்பது பேருக்கும் அவன் அங்கே ரியாலாகக் கொடுத்துவிடுவான், நீங்கள் இங்கே ரூபாயை என் வீட்டில் கொடுத்துவிடுங்கள், கடையைவிட நல்ல ரேட்" என்று அன்போடுதான் ஒரு காக்கா சொன்னார். மகன் தன் வாப்பாவையும் உம்மாவையும் அங்கே அழைத்துப் போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அது அவர்கள் குடும்பம், அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் அங்கே ரியால் கொடுத்து இங்கே ரூபாய் வாங்குவது உண்டியல். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை மீறுவது, கணக்கில் ரசீதும் இருக்காது. நாளைக்கு யாராவது விசாரித்தால் மாட்டுவது கொடுத்தவர் மட்டும் இல்லை, ஜமாஅத் கணக்குப் புத்தகமும்தான். ரியாலுக்கு இருபது காசு மிச்சமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே சரிபார்க்க உதவும். பில் மொத்த ரூபாயில் மட்டும் வந்தால் வாங்கமாட்டேன். ரியால் எவ்வளவு, அன்றைய ரேட் எவ்வளவு, பெருக்கினால் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவர் "ஹோட்டல், பேருந்து பேக்கேஜ் ஆளுக்கு 30,500 ரூபாய், அவ்வளவுதான், ரேட் கவலை உங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. அவர் சொன்ன ஹோட்டலும் பேருந்தும் 1,160 ரியால்தான். 30,500-ஐ 1,160-ஆல் வகுத்துப் பாருங்கள், 26.29 வருகிறது. கையிருப்பை அவர் வைத்திருக்கிறார், நம்மைவிடக் கூடவே வைத்திருக்கிறார், ஒரே வித்தியாசம் ரேட் ஏறாவிட்டால் அது அவருக்குப் போகும். அவர் செய்வது தப்பு என்று சொல்லவில்லை, ஆபத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார், அதற்கு விலை கேட்கிறார். அந்த ஆபத்தை நாமே ஏற்று, மிச்சத்தையும் நாமே எடுத்துக்கொள்கிறோம்.

டிசிஎஸ் என்று ஏஜென்ட் பில்லில் ஒரு வரி வரும். அது இந்த 1,06,350-ல் இல்லை. அது செலவும் இல்லை, உங்கள் பான் எண்ணில் வருமான வரிக் கணக்கில் ஏறும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். சதவீதத்தைப் பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் பில் போடுகிற அன்று உள்ளதைச் சொல்கிறேன். பான் கொடுக்காவிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள், அதனால் பான் இல்லாத பெரியவர்களுக்கு இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

கைச்செலவு உங்கள் சொந்தக் கணக்கு, ஆளுக்கு 500 ரியால் போதும் என்பது என் அபிப்பிராயம். அதைச் சென்னை விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், விலை அங்கேதான் மோசம். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நாளில் ஒரே கடைக்குப் போவோம், 20,000 ரியால் வாங்குகிற கூட்டம் என்றால் பத்துக் காசு குறைப்பார்கள், பில் மட்டும் அவரவர் பாஸ்போர்ட்டில். அங்கே கார்டு தேய்க்கிறவர்கள், மெஷினில் ரூபாயா ரியாலா என்று கேட்டால் ரியால் என்று அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்தக் கடைக்கார வங்கி தன் ரேட்டில் மாற்றிவிடும், அது எப்போதும் நமக்குப் பாதகம். டாலராக வாங்கிப் போய் அங்கே மாற்றலாமா என்றால், இங்கே டாலர் விற்கும் விலையை 3.73-ஆல் வகுத்துப் பாருங்கள், ரியால் விற்கும் விலையைவிடக் குறைவாக வந்தால் மட்டும் யோசிக்கலாம். நான் பார்த்த அன்று டாலர் 90.90 சொன்னார்கள், 24.37 வந்தது, அலைந்ததுதான் மிச்சம்.

கடைசியாக, மிச்சம் யாருக்கு என்ற கேள்வி. அது அமானத். பள்ளிவாசல் நிதிக்குப் போகாது, அடுத்த பயணத்துக்கும் போகாது, என் சம்மதத்தாலோ தலைவர் சம்மதத்தாலோ வேறு எதற்கும் எடுக்க முடியாது. டிக்கெட் விலை ஏறினாலும், யாருடைய லக்கேஜ் எடை கூடினாலும், அதிலிருந்து எடுக்கமாட்டேன். ஒவ்வொரு தவணை மாற்றியதும் அன்றைய ரேட், பில் எண், ஆளுக்கு எவ்வளவு மீதம் என்று மூன்று வரியில் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுகிறேன். ஊர் திரும்பிய பதினைந்து நாளுக்குள் மீதம் அவரவர் வங்கிக் கணக்கில் வரும், கணக்கு இல்லாதவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் தருவேன். வாங்கிய பிறகு பள்ளிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இரண்டாம் தவணைக்குள் டாலர் 94-ஐத் தாண்டினால் மட்டும் உடனே கூட்டம் போட்டுச் சொல்வேன், அப்போதும் கூடுதல் பணம் இங்கே, அக்டோபரில், கிளம்புவதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதுதான் கேட்பேன்.

தம்பி, உம்மாவிடம் சொல்லுங்கள்: ஜூலை 10-க்குள் தர வேண்டியது ஹோட்டல் முன்பணத்துக்கு 12,750 ரூபாயும் டிக்கெட்டுக்கு 46,000 ரூபாயும். மொத்தமாகத் தர முடியாவிட்டால் டிக்கெட் பணத்தை முதலில் தரட்டும், முன்பணத்தை 14-ஆம் தேதி வரை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் நகல், பான் கார்டு நகல் ஒன்று, மஃரிபுக்குப் பிறகு நான் பள்ளியில்தான் இருப்பேன்.